புது பேட்டரி போட்டும் கீச்சிடும் பெட்டி

அதிகாலை மூன்று மணிக்கு என் மனைவி என்னை எழுப்பி, "பல்லி கத்துதுங்க" என்றாள். ஜனவரி மாதம். கனடாவில், டொரன்டோவை ஒட்டிய மிசிசாகாவில் மகள் வீட்டு மாடியறையில் படுத்திருந்தோம். வெளியே பனி கொட்டிக்கிடக்கும் ஊரில் பல்லி எங்கிருந்து வரும்? காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு, கீச். மறுபடி அமைதி.

மகளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே எழுந்து மாடி நடையில் நின்றிருந்தார்கள். கூரையில் ஒரு தட்டை கவிழ்த்து வைத்தது போல வெள்ளையாக இருந்த புகை அலாரம்தான் கத்துகிறது என்றார் மாப்பிள்ளை. "பேட்டரி போயிருக்கும் மாமா. மாத்திட்டா நின்னுடும்." சமையலறை இழுப்பறையிலிருந்து ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து வந்து ஸ்டூல் மேல் ஏறி மாற்றினார். நால்வரும் மூச்சை அடக்கி நின்றோம். கீச்.

நான் மின்வாரியத்தில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தச் சிறிய பெட்டி எங்கள் நான்கு இரவுகளை எடுத்துக்கொண்டது. அந்த நான்கு இரவுகளில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று போகிற பெற்றோர் ஆயிரமாயிரம் பேர். இந்தப் பெட்டி அங்கே ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒன்டாரியோ மாநிலத்தில் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் இது இயங்கும் நிலையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம்.

முதலில் அதன் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். நிஜமாகப் புகை வந்தால் அது வீடே அதிர மூன்று மூன்றாகக் கத்தும். நடுவில் சிறு இடைவெளி விடும். கார்பன் மோனாக்சைடு வாயுவையும் சேர்த்து உணரும் வகையாக இருந்தால் அதற்கு நான்கு நான்காக. அப்படிக் கத்தினால் ஆராய்ச்சி வேண்டாம், எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். நான் சொல்வது அதுவல்ல. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை வரும் ஒற்றைக் கீச்சொலி. தன் உடம்பில் ஏதோ சரியில்லை என்று பெட்டி சொல்லும் முறை அது. பேட்டரி இறங்கினாலும், உள்ளே தூசி அடைந்தாலும், ஆயுள் முடிந்தாலும் அதற்கு இருப்பது இந்த ஒரே தொண்டைதான். நாமோ கீச் என்றால் பேட்டரி என்று மட்டும் படித்து வைத்திருக்கிறோம்.

பேட்டரி இறங்கியதைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சுமாராக நாற்பது விநாடிக்கு ஒருமுறை உள்ளே ஒரு சிறு விளக்கு மின்னி அணைகிறது. பல மாடல்களில் வெளியிலிருந்தே அந்தச் சிமிட்டலைப் பார்க்கலாம். அந்த ஒரு கணத்தில் பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் இழுக்கப்படும். இழுக்கும்போது வோல்டேஜ் எவ்வளவு தாழ்கிறது என்பதைத்தான் பெட்டி பார்க்கிறது. கிராமத்தில் பம்ப்செட் மோட்டாரைப் போட்டதும் டியூப்லைட் மங்குமே, அதே கதை. சுமை இல்லாதபோது எல்லா லைனும் நன்றாகத்தான் தெரியும். மோட்டார் இழுக்கும்போதுதான் லைனின் வலு தெரியும். ஒன்பது வோல்ட் பேட்டரி அப்படி இழுபடும்போது ஏழரை வோல்ட் பக்கம் இறங்கினால் பெரும்பாலான பெட்டிகள் கீச்சிடத் தொடங்கும்.

இழுப்பறையில் நாலைந்து வருடம் கிடந்த 'புது' பேட்டரி ஏமாற்றுவது இதனால்தான். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பேட்டரி இதற்கு உதவாததும் இதனால்தான். அவற்றில் பல, முழுதாக ஏற்றினாலும் எட்டரை வோல்ட்டைத் தாண்டாது. சும்மா இருக்கும்போதே வேறு இறங்கிக்கொண்டிருக்கும். இந்தக் கீச்சொலி பெரும்பாலும் நடுநிசிக்கு மேல் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. இரவில் வீட்டின் சூட்டைக் குறைத்து வைப்பார்கள். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடும். விளிம்பில் நிற்கும் பேட்டரி அந்த நேரத்தில் கோட்டைத் தாண்டிக் கீழே விழும். காலையில் வீடு சூடானதும் மேலேறி, ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடும். இரவில் கத்திப் பகலில் அடங்கும் பெட்டி என்றால் பேட்டரிமேல் சந்தேகப்படுவது சரி.

எங்கள் பெட்டி பகலிலும் கத்தியது.

மறுநாள் மாப்பிள்ளை மருந்துக்கடைக்குப் போய் ஒன்பது வோல்ட் ஆல்கலைன் பேட்டரி வாங்கி வந்தார். உறையில் காலாவதி ஆண்டு வெகுதூரத்தில் இருந்தது. மீட்டர் வைத்தேன், ஒன்பதரை வோல்ட். போட்டோம். ஒரு நிமிடத்துக்குள் கீச். கத்துவது இந்தப் பெட்டிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அது நியாயமான சந்தேகம்தான். அந்த ஒலி சுமார் மூவாயிரம் ஹெர்ட்ஸ் சுருதியில், கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் வருவது. அந்தச் சுருதியில் திசையைப் பிரித்தறிவது நம் காதுகளுக்குக் கடினம். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து குழப்பும். எந்தத் திசையிலிருந்து பல்லி சொன்னது என்று பார்ப்பவர்கள்கூட இதில் தோற்பார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நேர் கீழே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பதுதான் வழி. அந்த வீட்டில் மூன்று பெட்டிகள்: மாடி நடையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, தரைக்குக் கீழ் அறையில் ஒன்று. மூன்றின் கீழும் நின்றேன். மாடியில் இருப்பதுதான் கத்தியது.

அடுத்த சந்தேகம் தூசி. அதற்கு ஆதாரமும் இருந்தது. இலையுதிர் காலத்தில் கீழ் அறைக்கு ஜிப்சம் பலகை அடித்து, பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். அந்த வெள்ளைப் பொடி எந்த வீட்டிலும் கூரைவரை போகும். வேலை நடந்த நாட்களில் யாரும் அலாரத்தை மூடி வைக்கவில்லை.

ஓட்டு வீட்டில் பிறந்தவர்களுக்குத் தூசி செய்யும் வேலையை விளக்கத் தேவையில்லை. கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெயில் கற்றையில் தூசி மிதப்பதைப் பார்த்திருக்கிறோம். கற்றையைப் பக்கத்திலிருந்து பார்த்தால், தூசியோ அடுப்புப் புகையோ இருந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஒளியால் உணரும் அலாரம் இதைத்தான் செய்கிறது. கறுப்பான ஒரு சிற்றறை. அதில் ஒரு விளக்கு. அதன் ஒளி நேராக விழாத கோணத்தில் ஒரு மின்கண். காற்று சுத்தமாக இருக்கும்வரை கண்ணுக்கு இருட்டு. புகை நுழைந்தால் ஒளி சிதறிக் கண்ணில் படும், உடனே அலறல். இன்னொரு வகையில் ஒளிக்குப் பதிலாக அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் இம்மியளவு இருக்கும். அது காற்றை மின்னேற்றி ஒரு மெல்லிய மின்னோட்டத்தை ஓடவைக்கும். புகைத் துகள்கள் புகுந்தால் அந்த ஓட்டம் குறையும்.

இரண்டு வகையிலும் அறைக்குள் படியும் தூசி புகையைப் போலவே நடிக்கும். பழைய எளிய பெட்டிகளில் அது காரணமில்லாத முழு அலறலாக வரும். நுண்செயலி வைத்த பெட்டிகள் சில கொஞ்சம் புத்திசாலித்தனமானவை. சுத்தமான காற்றில் கண் பார்க்கும் அளவு மெல்ல மெல்லக் கூடுவதைக் கவனித்து, அதற்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். இனித் திருத்த இடமில்லை என்ற நிலை வரும்போது பழுது என்று கீச்சிடும். அப்போது ஆயிரம் பேட்டரி மாற்றினாலும் நிற்காது.

சுத்தம் செய்வது எளிது. தவறாகச் செய்வதும் எளிது. வேக்குவம் கிளீனரில் மென்மையான தூரிகை முனையை மாட்டி, பெட்டியின் விளிம்பைச் சுற்றியுள்ள துவாரங்களில் மெதுவாக ஓட்டவேண்டும். ஈரத்துணி கூடாது. சோப்புத் திரவமோ ஸ்ப்ரேயோ அருகில் வரக்கூடாது. பெயின்ட் அடிக்கும்போது அதன்மேலும் ஒரு கோட் அடித்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். திருகைக் கழற்றி உள்ளே விரலை விடவும் கூடாது. துவாரத்துக்குப் பின்னால் பூச்சி நுழையாதபடி மெல்லிய வலை இருக்கும். அது கிழிந்தால் சிலந்தி குடிவந்துவிடும். நான் வேக்குவம் போட்டதில் வெள்ளைப் பொடி நன்றாகவே வந்தது. இதுதான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மாட்டினேன். கீச்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடமாக அங்கே எலக்ட்ரீஷியனாக இருப்பவர். "ஐயா, மெயின் கரண்டை நிப்பாட்டினனீங்களோ?" என்றார். நிறுத்தவில்லை. "அப்ப அது தூங்கவே இல்லை. பேட்டரியை மட்டும் மாத்தினா அதுக்குத் தெரியாது."

எனக்கு உறைத்தது. அந்த வீட்டு அலாரங்கள் பேட்டரியை நம்பி ஓடுபவை அல்ல. வீட்டின் 120 வோல்ட் மின்சாரத்தில் ஓடுபவை. பேட்டரி, கரண்ட் போனால் கைகொடுக்க. பேட்டரியை மாற்றியபோதும் மெயின் மின்சாரம் உள்ளே இருந்த செயலியை விழிப்பாகவே வைத்திருந்தது. அது குறித்து வைத்த பழுதுக் குறிப்பு அழியாமல் அப்படியே இருந்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தினாலும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் கொஞ்ச நேரம் தங்கும். ஃபேன் கண்டன்சரைக் கழற்றும்போது விரலில் சுள்ளென்று அடி வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே நம்மை உதறும் அளவுக்கு இருக்காது; ஆனால் ஒரு நுண்செயலியின் நினைவை வைத்திருக்க மிகச் சிறிதே போதும்.

அவர் சொன்னபடி செய்தோம். பலகையில் அந்தச் சர்க்யூட்டின் பிரேக்கரை இறக்கினோம். பெட்டியைத் திருகி இறக்கி, பின்னால் இருந்த மூன்று கம்பி இணைப்பானைப் பிடுங்கினோம். அவற்றில் இரண்டு மின்சாரத்துக்கு. மூன்றாவது, ஒரு பெட்டி அலறினால் எல்லாப் பெட்டியும் அலறும்படி அவற்றைக் கோத்து வைப்பது. பேட்டரியையும் எடுத்தோம். இப்போது சோதனைப் பொத்தானை இருபது விநாடி அழுத்திப் பிடிக்கவேண்டும். பிடித்தபோது அது ஈனமாக ஒரு சத்தம் எழுப்பித் தேய்ந்து அடங்கியது. மிச்சம் இருந்த சார்ஜ் அதுதான். பிறகு புது பேட்டரி, இணைப்பான், பெட்டி, பிரேக்கர் என்று வரிசையாகப் போட்டு, சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம். மூன்று பெட்டிகளும் ஒன்றாகக் கத்தின. பிறகு அமைதி. இரவு முழுக்க அமைதி.

மிச்ச சார்ஜ் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி மட்டுமே உள்ள எளிய பெட்டியில் இது பெரிதாகச் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. கெப்பாசிட்டரில் இருப்பது சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியை அது ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அளக்கிறது. புது பேட்டரி போட்ட பிறகு இரண்டொரு முறை கீச்சிட்டு அடங்கினால் சரி. ஒரு மணி நேரத்துக்கு மேலும் கத்தினால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. மெயினில் ஓடும் பெட்டிகளில்தான் இந்த முழு வடிப்புக்கு உண்மையான பலன் உண்டு. அதை ஒருமுறை சரியாகச் செய்தால் போதும். இரண்டாம் முறை செய்யத் தோன்றினால் தேடலை வேறு பக்கம் திருப்பவேண்டும்.

எங்களுக்கு இரண்டாம் முறை செய்யத் தோன்றியது. ஏனென்றால் அடுத்த இரவு நடுச்சாமத்தில் அது மறுபடி கத்தியது.

அந்த இரவில்தான் நான் முதன்முதலாக எண்ணினேன். விளக்கைப் போடாமல், நடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. கீச்கீச். முப்பது விநாடி. கீச்கீச். ஒன்றல்ல, இரண்டு. அடுத்தடுத்து ஒட்டி வந்ததால் தூக்கக் கலக்கத்தில் எல்லோருக்கும் அது ஒன்றாகக் கேட்டிருக்கிறது. பெட்டியை இறக்கித் திருப்பினேன். பின்பக்கத்து லேபிளில் பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு கீச் என்றால் பேட்டரி. முப்பது விநாடிக்கு இரண்டு என்றால் ஆயுள் முடிந்தது, பெட்டியை மாற்றவும். இந்த எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். அதனால் எங்கள் வீட்டுக் கணக்கை யாரும் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தங்கள் பெட்டியின் முதுகைத்தான் படிக்கவேண்டும்.

லேபிளின் மூலையில் தயாரிப்புத் தேதி: 2013 ஜூன். நாங்கள் நின்றுகொண்டிருந்தது 2024 ஜனவரியில்.

"வீடு வாங்கினதே 2018லதானேப்பா" என்றாள் மகள். ஆறு வயதுப் பெட்டி என்று அவள் நினைத்திருந்தாள். புகை அலாரத்தின் வயது, நாம் குடிவந்த நாளிலிருந்தோ கூரையில் மாட்டிய நாளிலிருந்தோ அல்ல, தயாரிப்புத் தேதியிலிருந்து எண்ணப்படுவது. பத்து ஆண்டுதான் அதன் வரம்பு. கார்பன் மோனாக்சைடையும் உணரும் பெட்டியானால் பலவற்றுக்கு அதைவிடக் குறைவு. உள்ளே இருக்கும் கடிகாரம் முதன்முதலில் மின்சாரம் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குவதால், கிடங்கில் கிடந்த காலத்தை அது அறியாது. 2014இன் தொடக்கத்தில்தான் முதல் சொந்தக்காரருக்கு அந்த வீட்டின் சாவி கிடைத்தது. லேபிளின்படி முந்தைய ஜூனிலேயே மாற்றியிருக்க வேண்டிய பெட்டி ஜனவரியில்தான் வாய் திறந்தது அதனால்தான். பழைய பெட்டிகள் பலவற்றில் இப்படி ஒரு கடிகாரமே கிடையாது. அவை ஒன்றும் சொல்லாமலே கிழடாகிவிடும்.

பத்து ஆண்டில் என்ன தேய்கிறது? கதிரியக்கப் பொருள் தீர்ந்துபோகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிசியம் 241 பாதியாகக் குறையவே 432 ஆண்டு ஆகும். தேய்வது மற்றவை. ஒளி தரும் விளக்கு மங்கும், மின்கண் மந்தமாகும், சமையல் நெய்ப்பசை தூசியோடு சேர்ந்து அறையின் சுவரில் பிடிக்கும், இணைப்புகளில் களிம்பேறும். பொத்தானை அழுத்தினால் கத்துகிறதே என்று அதை வைத்திருக்கக் கூடாது. சுற்றுக்கும் ஒலிப்பானுக்கும் உயிர் இருக்கிறது என்பதற்குத்தான் அந்தக் கத்தல் சாட்சி. பத்து வருடப் பழுப்பேறிய அந்தச் சிற்றறை, நிஜப் புகையைப் புதிதில் உணர்ந்த வேகத்தில் உணரும் என்று அது உறுதி சொல்லாது.

அப்படியென்றால் நடுவில் ஒரு நாள் ஏன் அமைதியாக இருந்தது? இதையும் லேபிளே சொன்னது. ஆயுள் முடிந்த பிறகு சோதனைப் பொத்தானை அழுத்தினால் சில மாடல்களில் கீச்சொலி தற்காலிகமாக அடங்கும். புதிது வாங்கி வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் தூங்க ஒரு அவகாசம். அவகாசம் தீர்ந்ததும் மறுபடி தொடங்கும், கடைசியில் எந்தப் பொத்தானுக்கும் அடங்காது. சார்ஜை வடித்ததால் குணமாயிற்று என்று நாங்கள் நம்பினோம். உண்மையில், எல்லாம் முடிந்து கடைசியாக அழுத்திப் பார்த்தோமே, அந்த ஓர் அழுத்தல்தான் அதன் வாயை மூடியிருந்தது.

இன்னொரு தடயமும் முதல் நாளிலேயே கையில் இருந்தது. மாப்பிள்ளை கழற்றிய பழைய பேட்டரி. அதை அப்படியே கூடத்துப் பெட்டியில் போட்டுப் பார்த்திருந்தால், அது கீச்சிடாமல் இருந்திருக்கும். பேட்டரி நல்லது, கோளாறு பெட்டியில் என்று பத்தே நிமிடத்தில் முடிவு தெரிந்திருக்கும். மீட்டர்கூட வேண்டியதில்லை. நான்காம் நாள் குப்பைக்கூடையிலிருந்து அதை எடுத்து அளந்தேன். ஒன்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

மனதை உறுத்துவது வேறொன்று. இரண்டாம் நாள் பகல் முழுவதும் அந்தப் பெட்டி சாப்பாட்டு மேசைமேல் பேட்டரி இல்லாமல் கிடந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. நானும் சரி என்றேன். மாடியில் தூங்குவது என் பேத்தி. தீப்பிடித்த வீடுகளில் அலாரம் இருந்தும் ஒலிக்காமல் போனதற்கு முக்கியமான காரணம், பேட்டரி உருவப்பட்டிருந்ததுதான் என்று அமெரிக்கத் தீயணைப்புத் துறையினர் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். உருவியவர்களில் பலர் எங்களைப் போல இரண்டு இரவு தூக்கமிழந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இறக்கியே ஆகவேண்டும் என்றால், அன்றிரவே மாட்ட, சாதாரண பேட்டரி அலாரம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடையில் எளிதாகக் கிடைக்கும். ஒயரிங் வேலை கிடையாது. வாடகை வீடாக இருந்தால் ஒன்டாரியோவில் மாற்றித்தரும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அன்றே எழுத்தில் தெரிவிக்கவேண்டும்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்றினோம். ஒன்றுதானே கத்துகிறது என்று மாப்பிள்ளைக்குத் தயக்கம் இருந்தது. மூன்றின் லேபிளிலும் ஒரே மாதம். ஒரே நாளில் மின்சாரம் கண்டவை. மற்ற இரண்டும் அடுத்தடுத்த இரவுகளில் தொடங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். மெயினில் ஓடியதற்குப் பதிலாக மெயினில் ஓடுவதைத்தான் போடவேண்டும், பேட்டரி மட்டும் உள்ளதைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. கோத்து வைத்த பெட்டிகள் எல்லாம் ஒரே கம்பெனியாக, ஒன்றோடொன்று பேசக்கூடியவையாக இருக்கவேண்டும். மூன்றாவது கம்பியில் வரும் சைகை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இணைப்பானின் வடிவமும் மாறலாம். கூரைப்பக்கத்துக் கம்பியை மாற்றவேண்டி வந்தால் எலக்ட்ரீஷியன்தான் தொடவேண்டும். எங்களுக்கு அதே இணைப்பான் பொருந்தியது. மாட்டுவதற்குமுன் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும், ஸ்டூல் போடாமலே படிக்கும்படி, தயாரிப்பு ஆண்டை மார்க்கரால் பெரிதாக எழுதினேன்.

அன்றிரவு பதினொரு மணிக்குக் கீச்கீச் என்று கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் புது பெட்டிகள் ஒவ்வொன்றின் கீழும் போய் நின்றேன். எதுவும் இல்லை. சத்தம் வாசல்பக்கத்திலிருந்து வந்தது. நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுப்பதற்காகப் பழைய மூன்றையும் பையில் போட்டு வைத்திருந்தோம். அவற்றில் ஒன்றில் பேட்டரியை எடுக்க மறந்திருக்கிறோம். எடுத்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். மெல்லிய முனகல் ஒன்று வந்து, தேய்ந்து, நின்றது.